முதலாளி ஒருவர், கம்பனி நான்கு: கொழுந்துக் காசை யாரிடம் கேட்பது?

ஒரு தேயிலைத் தொழிற்சாலை கொழுந்துக் காசைக் கொடுக்காமல் கைவிரித்துவிட்டால், மலையகத்தில் முதலில் கிளம்பும் பேச்சு இதுதான்: "கம்பனிக்குத்தானே நட்டம்? முதலாளி நன்றாகத்தானே இருக்கிறார்!" அதே கட்டடத்தில் அதே இயந்திரங்கள் ஓடுகின்றன. அதே லொறி கொழுந்து ஏற்றப் போகிறது. வாசலில் பலகை மட்டும் மாறியிருக்கிறது. பழைய கடனைக் கேட்டால், "அது வேறு கம்பனி" என்று பதில் வருகிறது.

இந்த இடத்தில் சட்டம் தெரிந்த யாராவது ஒருவர், "கம்பனித் திரையைக் கிழித்து முதலாளியைப் பிடிக்கலாம்" என்பார். அப்படி ஒரு கோட்பாடு இருப்பது உண்மை. ஆனால் சொத்தை இடம் மாற்றிக் கடன்காரரை ஏமாற்றிய வழக்குகளில், பெரும்பாலும் கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு அது. அதற்கு முன்னால் வேறு கதவுகள் இருக்கின்றன, அவை இலகுவாகவும் திறக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள முதலில் திரை என்றால் என்ன என்று பார்ப்போம்.

கம்பனி பதிவானதும் சட்டத்தின் கண்ணில் அது தனி ஆளாகிவிடுகிறது. தன் பெயரில் காணி வாங்கும், கடன்படும், வழக்குப் போடும், வழக்கில் மாட்டும். பங்குதாரர் அதில் போட்ட பணத்தை இழக்கலாம், ஆனால் கம்பனியின் கடனுக்குத் தன் வீட்டை விற்றுக் கட்ட வேண்டியதில்லை. கம்பனிக்கும் அவருக்கும் நடுவே நிற்கும் இந்தத் தடுப்பைத்தான் திரை என்கிறார்கள். இந்த விதியை 1897 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் நிலைநிறுத்தியது. சாலமன் தன் சப்பாத்து வியாபாரத்தை ஒரு கம்பனிக்கு விற்றார். அந்தக் கம்பனியின் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை, மீதி ஆறும் குடும்பத்தாருடையவை. கம்பனி நொடித்தபோது, "இது சாலமனின் மறுபெயர்தானே?" என்று கடன்காரர் தரப்பு வாதாடியது. முறைப்படி பதிவான கம்பனி, அதன் பின்னால் ஒரே ஆள் நின்றாலும், தனி ஆள்தான் என்று சபை தீர்ப்பளித்தது. எங்கள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே பங்குதாரரோடும் கம்பனி தொடங்க இடம் தருகிறது.

ஆகவே "முதலாளி ஒருவர்தானே" என்ற வாதம் தனியே நின்றால் எடுபடாது. "எல்லாம் ஒரே குழுமம்தானே" என்பதும் அப்படியே. 1990 இல் கேப் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், ஒரு துணைக் கம்பனி மூலம் அமெரிக்காவில் அஸ்பெஸ்டஸ் விற்ற ஆங்கிலேயத் தாய்க் கம்பனியை, அதனால் பாதிக்கப்பட்டவர்கள் பிடிக்கப் பார்த்தார்கள். குழுமம் முழுவதும் ஒரே பொருளாதார அலகு, ஆகவே ஒரே ஆளாகப் பாருங்கள் என்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. எதிர்காலத்தில் வரக்கூடிய பொறுப்பு எந்தக் கம்பனியின் தலையில் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்வது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், குழுமத்துக்கு உள்ள உரிமை என்றது.

இங்கிலாந்துத் தீர்ப்புகளை இங்கே ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், கூட்டுப்பங்குக் கம்பனிகள், கூட்டுத்தாபனங்கள் போன்ற விடயங்களில், எங்கள் சட்டங்கள் வேறு ஏற்பாடு செய்யாத இடங்களில், ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்குள் கொண்டுவந்தது. காணி, ஒப்பந்தம் போன்ற பலவற்றில் எங்கள் அடிப்படை ரோம-டச்சுச் சட்டம். இரண்டு ஓடைகளும் ஒரே வழக்கில் சேரலாம் என்பது இந்தக் கதைக்கு மிகவும் உதவும். கொஞ்சம் பொறுங்கள்.

இனி ஒரு கற்பனை வழக்கு. தலவாக்கலைப் பக்கத்தில், சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கும் தனியார் தொழிற்சாலை ஒன்று. அதை நடத்தும் குழுமத்தில் நான்கு கம்பனிகள்: தாய்க் கம்பனி, தொழிற்சாலைக் கம்பனி, காணிக் கம்பனி, ஏற்றுமதிக் கம்பனி. நான்கிலும் அதே இரண்டு பணிப்பாளர்கள். கொழுந்து வாங்குவது தொழிற்சாலைக் கம்பனி. மாதக் கணக்குச் சிட்டையில் அச்சாகியிருப்பதும் அதன் பெயர்தான்.

தை மாதம் தொழிற்சாலைக் கம்பனியின் நிலை இப்படி. காணியும் கட்டடமும் சந்தையில் 12 கோடி ரூபாய் பெறும், அவற்றின் மேல் வங்கிக்கு 3 கோடி ஈடு. இயந்திரங்கள் இரண்டரைக் கோடி பெறும். கொழுந்துக்காரருக்குக் கொடுக்க வேண்டியது 70 இலட்சம். தாய்க் கம்பனியிடம் வாங்கியதாகப் புத்தகத்தில் 1 கோடி கடன். அதாவது எல்லாக் கடனையும் கட்டிவிட்டு நிம்மதியாக மூடக்கூடிய கம்பனி.

மாசி மாதம் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் ஒன்று வந்து சேருகிறது. அடுத்த மூன்றாவது வாரத்தில் தொழிற்சாலைக் காணி 4 கோடிக்குக் காணிக் கம்பனிக்கு உறுதி எழுதப்படுகிறது. அந்த 4 கோடியில் ஒரு ரூபாயும் கைமாறவில்லை. வங்கி ஈட்டின் 3 கோடியைக் காணிக் கம்பனி பொறுப்பேற்கிறது. மிச்சம் 1 கோடி, தாய்க் கம்பனியின் கடனோடு கழிக்கப்படுகிறது. பங்குனியில் இயந்திரங்கள் 90 இலட்சத்துக்கு ஏற்றுமதிக் கம்பனிக்குப் போகின்றன. தேய்மானம் கழித்த புத்தக விலை அது, அதுவும் "பின்னர் தரப்படும்" என்ற குறிப்போடு. தொழிற்சாலை அன்றும் ஓடுகிறது, மறுநாளும் ஓடுகிறது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பழைய கம்பனியின் பெயரிலேயே கொழுந்து வாங்கி, 1 கோடியே 10 இலட்சம் புதுக்கடன் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனியில் பலகை மாறுகிறது. மொத்தம் 1 கோடியே 80 இலட்சம் நிலுவை.

காணியைப் பாருங்கள். வங்கி போக 9 கோடி மதிப்புள்ள சொத்து போயிருக்கிறது. பதிலுக்குக் கிடைத்தது, தம் சொந்தத் தாய்க் கம்பனிக்கு இருந்த 1 கோடிக் கடன் அழிந்தது மட்டுமே. கொழுந்துக்காரர் வரிசையில் நின்றுகொண்டிருக்க, வீட்டுக்காரருக்குப் பின்வாசலால் பங்கு கொடுத்த கதை இது. இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு கடதாசி கிடைத்திருக்கிறது. இந்தக் கணக்கைத்தான் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். காணி 12 கோடிக்கு விற்கப்பட்டு 9 கோடி காசு தொழிற்சாலைக் கம்பனியின் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தால், வாங்கியது குழுமத்துக் கம்பனி என்றாலும், கடன்காரர் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. காணி இருந்த இடத்தில் காசு இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது திரையைக் கிழிக்க முடியுமா? இதே மாதிரியான சம்பவத்தில் இங்கிலாந்தில் ஒருமுறை கிழித்தார்கள், பிறகு தைத்துவிட்டார்கள். மோட்டார் வாகன வியாபாரம் செய்த கம்பனி ஒன்று தன் முகாமையாளர் கிரீசி என்பவரை நீக்கியது. அவர் வழக்குப் போட்டார். கம்பனி வியாபாரத்தை நிறுத்தியது. அதன் சொத்துகள் அதே ஆட்களின் பிரீச்வுட் மோட்டர்ஸ் என்ற இன்னொரு கம்பனிக்குப் போயின. அது மற்றக் கடன்காரருக்குக் கட்டிவிட்டு இவரை மட்டும் விட்டுவிட்டது. நீதிபதி திரையை விலக்கி, பிரீச்வுட்டைப் பொறுப்பாக்கினார். அந்தத் தீர்ப்பு 1993 இல் வெளியானது. ஆனால் 1998 இல், பெல்ஹேவன் என்ற மதுச்சாலைக் குழுமத்தின் வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் கிரீசி தீர்ப்பு தவறு என்று சொல்லி ஒதுக்கிவிட்டது. குழுமத்துக்குள் சொத்துகளை மறுசீரமைத்ததாலேயே, ஒப்பந்தம் செய்த கம்பனியின் இடத்தில் இன்னொரு கம்பனியை எதிராளியாக நிறுத்த முடியாது என்றது. உரிய விலையில்லாமல் சொத்து போயிருந்தால், அந்தக் கைமாற்றத்தைத் தாக்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. திரையை ஏன் தொட வேண்டும் என்பதே அதன் சாரம்.

2013 இல் பிரெஸ்ட் எதிர் பெட்ரோடெல் வழக்கில் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் இதை இன்னும் கூர்மையாக்கியது. நீதிபதி சம்ப்ஷன் பிரபு இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் ஏற்கெனவே ஒரு கடப்பாட்டில் மாட்டியிருக்கிறார், அதைத் தட்டிக்கழிக்கவே ஒரு கம்பனியை நடுவில் நிறுத்துகிறார். இது ஏய்ப்பு, இங்கே திரையைக் கிழிக்கலாம். இன்னொன்று, கம்பனிகளின் பின்னால் உண்மையில் யார் நிற்கிறார் என்பதை மறைப்பது. அங்கே நீதிமன்றம் எதையும் கிழிக்க வேண்டியதில்லை, உள்ளே எட்டிப் பார்த்தாலே போதும். அந்த விவாகரத்து வழக்கில் கணவரின் கம்பனிகள் பெயரில் இருந்த ஏழு வீடுகள் மனைவிக்குக் கிடைத்தன. திரை கிழியவில்லை. அந்த வீடுகளைக் கம்பனிகள் கணவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தன என்று கண்டே நீதிமன்றம் கொடுத்தது. எங்கள் 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவும் இந்த வேலைக்கு உதவக்கூடியதே. சொத்தை எழுதிக் கொடுத்தவர், சூழ்நிலைகளைப் பார்த்தால், அதன் பயனை உண்மையில் விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்றால், வாங்கியவர் அதை எழுதியவருக்காகவே வைத்திருக்கிறார் என்கிறது அது.

ஏய்ப்புக்கு நல்ல உதாரணம் 1962 இன் ஜோன்ஸ் எதிர் லிப்மன். லிப்மன் தன் வீட்டை 5,250 பவுணுக்கு ஜோன்ஸுக்கு விற்க ஒப்புக்கொண்டார். மனம் மாறியதும், தன் கையில் இருந்த ஒரு கம்பனிக்கு 3,000 பவுணுக்கு அதை எழுதிவிட்டு, "வீடு என்னிடம் இல்லையே" என்றார். லிப்மன், கம்பனி இருவரும் சேர்ந்து வீட்டை ஜோன்ஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. எங்கள் தலவாக்கலைக் கதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். கொழுந்துக்காரருக்கு அந்தக் காணி வேண்டியதில்லை, காசுதான் வேண்டும். காணிக் கம்பனியும் நேற்றுப் பிறந்த வெறும் முகமூடி என்று சொல்ல முடியாது. ஐந்து வருடம் வாடகை வாங்கி வாழ்ந்த கம்பனியாகக்கூட இருக்கலாம்.

இப்போது ரோம-டச்சு ஓடைக்கு வருவோம். கடன்காரரை ஏமாற்றச் செய்யப்பட்ட கைமாற்றத்தைச் செல்லாததாக்கும் வழக்குக்குப் போலியன் வழக்கு என்று பெயர். ரோமச் சட்டத்திலிருந்து வந்தது, இலங்கை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. இங்கே காணிக் கம்பனியும் தொழிற்சாலைக் கம்பனியும் ஒன்று என்று யாரும் நிறுவ வேண்டியதில்லை. இரண்டும் வேறுதான், ஆனால் ஒன்றிடமிருந்து மற்றதுக்குப் போன இந்த உறுதி செல்லாது என்பதே வாதம்.

வழக்காளி காட்ட வேண்டியவை இவை. கைமாற்றத்தால் கடன்பட்டவரின் சொத்து குறைந்தது, அதனால் கடனைக் கட்ட முடியாத நிலை வந்தது, கடன்காரருக்கு அதனால் நட்டம் ஏற்பட்டது, ஏமாற்றும் நோக்கம் இருந்தது. நன்கொடையாகக் கொடுத்திருந்தால், வாங்கியவருக்கு அந்த நோக்கம் தெரியுமா என்பது பொருட்டல்ல. விலைக்கு வாங்கியிருந்தால் அவரும் ஏமாற்றுக்கு உடந்தை என்று காட்ட வேண்டும். அந்நியர் வாங்கியிருந்தால் இது பெரிய மலை. குழுமத்துக்குள் அது மேடு மட்டுமே, ஏனென்றால் விற்ற கம்பனியின் சார்பில் கையொப்பமிட்ட அதே இரண்டு பேர்தான் வாங்கிய கம்பனியின் சார்பிலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். இடது கை எழுதியது வலது கைக்குத் தெரியாது என்று எந்த நீதிபதியிடமும் சொல்லிப் பாருங்கள்.

நோக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அடையாளங்களிலிருந்து ஊகிக்க வேண்டும். கோரிக்கைக் கடிதத்துக்கும் உறுதிக்கும் இடையே சில வாரங்களே இருப்பது, மதிப்பீட்டாளரின் அறிக்கை இல்லாமல் விலை குறித்திருப்பது, காசு நகராமல் புத்தகப் பதிவு மட்டும் நகர்ந்திருப்பது, விற்ற பிறகும் விற்றவரே ஆண்டு அனுபவிப்பது ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனியே விளக்கத்துக்கு இடம் தரும். நான்கும் சேர்ந்தால் விளக்கம் சொல்வது கஷ்டம். மாறாக, பாதிக்கு மேற்பட்ட சொத்தை விற்கக் கம்பனிகள் சட்டத்தின் 185 ஆம் பிரிவு கேட்கும் சிறப்புத் தீர்மானம் இருக்கிறதா இல்லையா என்பதில் அதிக நேரம் செலவழிப்பது வீண். எல்லாப் பங்குகளும் ஒரு கையில் இருக்கும் குழுமத்தில் அந்தத் தீர்மானம் ஒரு தேநீர் நேரத்தில் தயாராகிவிடும்.

இந்த ஆதாரங்கள் மூடிய பெட்டிக்குள் இல்லை. கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பணிப்பாளர் விபரங்களையும் ஆண்டறிக்கைகளையும் எடுக்கலாம். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடினால் உறுதியின் திகதியும் அதில் சொல்லப்பட்ட விலையும் கிடைக்கும். இவற்றுக்கு முன்னால், வீட்டில் கிடக்கும் கொழுந்துச் சிட்டைகளைச் சேர்க்க வேண்டும். கடன்பட்டவர் எந்தக் கம்பனி என்பதை அவைதான் சொல்லும். சில நேரம் சிட்டையில் ஒரு பெயரும் காசோலையில் இன்னொரு பெயரும் இருக்கும். அப்படியானால் திரையைப் பற்றி யோசிக்க முதல், காசோலை கொடுத்த கம்பனியே நேரடியாகக் கடனாளியா என்று பார்க்க வேண்டும். ஒரு கோட்பாடும் இல்லாமல் வெல்லக்கூடிய வழக்கு அது.

எல்லா நிலுவையும் போலியன் வழக்கில் ஒரே அளவு பலமாக நிற்காது. மாசியில் காணி கைமாறியபோது இருந்த கடன் 70 இலட்சம்தான். அதைக் கேட்பவர்கள், "எங்களை ஏமாற்றத்தான் சொத்தை நகர்த்தினார்கள்" என்று உறுதியாகச் சொல்லலாம். சித்திரையிலும் வைகாசியிலும் கொழுந்து கொடுத்தவர்கள், அந்த உறுதி எழுதப்பட்ட நாளில் கடன்காரராகவே இல்லை. எதிர்காலக் கடன்காரரையும் ஏமாற்றும் நோக்கம் அப்போதே இருந்தது என்று காட்டினால் வழி உண்டு, ஆனால் அது கடினம்.

பிந்தியவர்களுக்குப் பொருத்தமான கதவு கம்பனிகள் சட்டத்தின் 219 ஆம் பிரிவு. கம்பனியால் உரிய நேரத்தில் கடன் கட்ட முடியாது என்று ஒரு பணிப்பாளர் நம்பினால், உடனே சபையைக் கூட்டி, கம்பனியை முடிவுறுத்த, அதாவது கணக்குத் தீர்த்து மூட, நீதிமன்றம் போவதா, தொடர்ந்து நடத்துவதா என்று ஆராய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, கம்பனி பின்னர் முடிவுறுத்தலுக்குப் போனால், அது தொடர்ந்து வியாபாரம் செய்ததால் கடன்காரருக்கு வந்த நட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ அந்தப் பணிப்பாளர் தன் கையால் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். அப்படி மூடும் வேலைக்கு நியமிக்கப்படும் முடிவுறுத்துநர் மட்டுமல்ல, ஒரு கடன்காரரும் இதைக் கேட்கலாம். காணியும் இயந்திரமும் போன பிறகு வெறும் ஓட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கொழுந்து வாங்கியவர்களுக்கு, கம்பனி கடன் கட்டாது என்பது தெரியாமல் இருந்திருக்குமா? 1 கோடியே 10 இலட்சம் இந்தக் கேள்விக்குள்தான் விழுகிறது. இங்கேயும் திரை கிழியவில்லை. பணிப்பாளர் தன் சொந்தக் கடமையை மீறியதற்காகவே கட்டுகிறார்.

தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி நிலுவையும் இதே போலத்தான். வேதனத்தில் பிடித்த 8 வீதத்தையும் தொழில் தருநரின் 12 வீதத்தையும் கட்டாமல் விட்டால், தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, குற்றப்பணம் போல அறவிடலாம். அங்கேயும் குழுமக் கோட்பாடு எதுவும் தேவைப்படாது.

அப்படியானால் திரையைக் கிழிப்பது எப்போதாவது தேவைப்படுமா? தேவைப்படும், அதன் பயனும் வேறு. போலியன் வழக்கு, போன சொத்தை மட்டும் கடன்காரரின் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவரும். திரை கிழிந்தால், மற்றக் கம்பனியின் எல்லாச் சொத்தும் கடனுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். ஏற்றுமதிக் கம்பனி அந்த இயந்திரங்களை இதற்குள் பதுளைப் பக்கத்து அந்நியர் ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டது என்று வையுங்கள். வாங்கியவர் ஒன்றும் அறியாதவர் என்றால் இயந்திரம் திரும்பாது. ஏற்றுமதிக் கம்பனியின் கையில் இருக்கும் விற்பனைக் காசைத் துரத்த வேண்டும், அதுவும் கரைந்திருந்தால் அப்போதுதான் அந்தக் கம்பனி கடனை ஏய்ப்பதற்கென்றே நடுவில் நிறுத்தப்பட்டது என்ற வாதத்துக்கு உண்மையான வேலை வருகிறது. அதை நிரூபிப்பது கடினம் என்பதால், நல்ல சட்டத்தரணி அதை முதற் கோரிக்கையாக எழுதாமல் மாற்றுக் கோரிக்கையாகக் கீழே எழுதுவார்.

வென்றாலும் காசு நேரே கைக்கு வராது. காணி திரும்பினாலும் வங்கியின் 3 கோடி ஈடு அதன் தலையில் இருந்தபடியே இருக்கும், வங்கிக்குத்தான் முதலிடம். தொழிற்சாலைக் கம்பனி முடிவுறுத்தலுக்குப் போய்விட்டால், நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனி வழக்குகளைத் தொடர முடியாது. மீட்கப்படுவது எல்லாக் கடன்காரருக்கும் சட்ட வரிசைப்படி பங்காகும். நாங்கள் எடுத்த கணக்கில் 9 கோடி மிச்சம் இருப்பதால் எல்லோருக்கும் போதும். பெரும்பாலான உண்மைத் தொழிற்சாலைகளில் மிச்சம் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

வழக்குத் தொடுத்த அன்றே, அது நிலுவையில் இருக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவுக்கு எதிராகப் பதிய வேண்டும். அதற்குப் பிறகு வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டே வாங்குகிறார், "எனக்குத் தெரியாது" என்று அவரால் சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதற்குத் தடை உத்தரவோ, தீர்ப்புக்கு முன்னரே கைப்பற்றும் கட்டளையோ கேட்க வேண்டும். சொத்தை ஏமாற்றி அகற்றும் ஆபத்து இருக்கிறது என்பதற்குச் சத்தியக் கடதாசியில் ஆதாரம் கேட்பார்கள். பங்குனி மாத விற்பனைப் பட்டியலும் "பின்னர் தரப்படும்" என்ற அந்தக் குறிப்பும் அங்கே இணைக்க வேண்டிய முதல் ஆவணங்கள்.